அண்டாவுக்கு நெஞ்சளவு

அத்தை எதை வாங்கப் போனாலும் கையில் ஒரு பாத்திரத்தோடுதான் போவாள். ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது குழம்புச் சட்டியை எடுத்துப் போய், கடையில் வரிசையாக நின்ற ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்குள்ளும் அதை வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தாள். கடைக்காரர் லிட்டர் கணக்குச் சொன்னார். "தம்பி, நான் உள்ளே தண்ணி ஊத்தப் போறதில்ல, சட்டி வைக்கப் போறேன்" என்றாள் அத்தை. இப்போது குடியிருக்கும் வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். வீட்டுக்காரர் காற்றோட்டம், வெளிச்சம் என்று அளந்துகொண்டிருக்க, அத்தை பெரிய அண்டாவைச் சமையலறை வாசல்வழியே உள்ளே கொண்டுபோய், வெளியே கொண்டுவந்து, மறுபடி உள்ளே கொண்டுபோய், "முன்பணம் எவ்வளவு?" என்று கேட்டாள்.

ஆள் உயரம் குறைவு. தெருவில் எல்லோரும் அவளைக் கடுகு என்பார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை முழுதாகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாததால், முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று மாமா சொல்வார்.

மாமா தையற்காரர். முன்னறை அவருடையது, பின்கட்டு முழுவதும் அத்தையின் சமையல் தொழில். பக்கத்து அலுவலகத்தில் நாலு பேருக்கு மதியச் சாப்பாடு கொடுப்பதில் தொடங்கியது, இப்போது தினமும் அண்டா கணக்கில் போகிறது. நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது எனக்கும் தெரியவில்லை, வேலைக்கு விண்ணப்பித்த இடங்களுக்கும் தெரியவில்லை. அதுவரை வெங்காயம் உரித்தேன். உரிக்கும்போது கண்ணீர் வந்தால் எதற்காக என்று யாரும் கேட்காதது அந்த வேலையில் உள்ள ஒரு வசதி.

அத்தையோடு சமைப்பவள் கம்பம் அக்கா. பேருக்கேற்ற உயரம், பரணில் இருப்பதை ஸ்டூல் போடாமல் எடுப்பாள். உப்பும் புளியும் அத்தையின் பொறுப்பு. எது எப்போது அடுப்பேற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பது கம்பம் அக்காவின் பொறுப்பு. இருவரும் பகல் முழுக்கச் சண்டை போடுவார்கள். ஒருத்தி வராத நாளில் இன்னொருத்தி கரண்டியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பாள்.

வேன் வாங்கும் பேச்சு வந்ததற்குக் காரணம் ஓர் அச்சகம். அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தினமும் மதியச் சாப்பாடு தரவேண்டும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது சோறு மேசையில் இருக்க வேண்டும், அதனால் சொந்த வண்டி இருந்தால்தான் பேச்சு என்றார்கள். எங்களுக்கு வாடகை வண்டி ஓட்டியவரின் பெயர் இதோ. போனில் எப்போது கேட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பதால் அந்தப் பெயர். "இதோ இன்னும் வரலியா?" என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம்.

அச்சகத்துச் செய்தியோடு இன்னொரு செய்தியும் அதே வாரம் வந்தது. கடைத்தெரு மருந்துக் கடையில் கம்பம் அக்காவை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உக்காந்து பாக்குற வேலை அக்கா. முதுகு இனிமே தாங்காது. மாசக் கடைசி வரைக்கும் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள்.

"போயேன். யாரு கையைப் பிடிச்சா?" என்றாள் அத்தை. அன்றைய குழம்பில் உப்பு இல்லை. அத்தையின் குழம்பில் உப்பு இல்லையென்றால் விஷயம் குழம்பில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்கு நால்வரும் போனோம். கூடவே பெரிய அண்டா. விற்பவர் எந்த வண்டியைக் காட்டினாலும், "கண்டிஷன்மா, கண்டிஷன்" என்று அதன் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கண்டிஷன்.

முதலில் ஒரு குட்டி லாரியைக் காட்டினார். டீசல். பின்னால் திறந்த தொட்டி, மேலே தார்ப்பாய். "லிட்டருக்கு நல்லா ஓடும்மா. எவ்வளவு பாரம் வேணா ஏத்துங்க."

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் அத்தை.

குடிக்க என்று நினைத்துக் கண்டிஷன் ஒரு பாட்டிலை நீட்டினார். அத்தை குழாய் எங்கே என்று விசாரித்து அண்டாவை நிரப்பினாள். அவளும் கம்பம் அக்காவும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். லாரியின் தளம் கம்பம் அக்காவுக்கு இடுப்பளவு, அத்தைக்கு நெஞ்சுக்கு மேல். கம்பம் அக்கா சும்மா கையை உயர்த்தினாள். அத்தை நுனிக்காலில் நின்றாள். அண்டா யாரிடம் சாய்வது என்று யோசிக்கவே இல்லை. உயரம் குறைந்தவளிடம் சாய்ந்தது. தண்ணீர் அத்தையின் தலையில் தொடங்கிக் கண்டிஷனின் செருப்பில் முடிந்தது.

"இது குழம்பா இருந்திருந்தா?" என்று மாமா பதறினார்.

"இருந்திருந்தா எங்கக்கா ருசியா இருந்திருப்பா" என்றாள் கம்பம் அக்கா.

அடுத்து ஒரு தாழ்வான வேன். பக்கத்துக்கு ஒரு தள்ளுக் கதவு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு. சரக்குக்காகப் பின்சீட்டுகளைக் கழற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். தளம் அத்தையின் தொடையளவில் இருந்தது. அத்தைக்கு முகமெல்லாம் பல். மறுபடி அண்டா, மறுபடி தண்ணீர். இப்போது குனிய வேண்டியவள் கம்பம் அக்கா. குனிந்தாள், வைத்தாள், அப்படியே நின்றாள்.

"என்னடி பாக்குற? நிமிரு."

"நிமிர முடியல அக்கா."

நானும் மாமாவும் அவளை இரண்டு பக்கமும் பிடித்து நிமிர்த்தினோம். நிமிர்ந்த வேகத்தில் திறந்திருந்த பின்கதவில் தலையை இடித்துக்கொண்டாள். அந்தக் கதவை இழுத்துச் சாத்த அத்தைக்கோ கை எட்டவில்லை, குதித்துப் பார்த்தாள். வண்டிக்கும் தொழிலுக்கும் பொருத்தம் பார்க்கலாம், இந்த இருவருக்கும் பொருத்தமான வண்டி எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் கம்பம் அக்கா தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "என்னை மனசுல வச்சு வண்டி பாக்காத அக்கா. உனக்கு எது எட்டுதோ அத வாங்கு. நான்தான் போகப் போறேனே."

அத்தை விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

தாழ்வான வேன் என்று முடிவாயிற்று. கண்டிஷனிடம் அதே மாதிரியில் இரண்டு இருந்தன: ஒன்று பெட்ரோலில் மட்டும் ஓடுவது, இன்னொன்று கேஸிலும் ஓடுவது. கேஸ் வண்டியில் தளத்தின் பின்பாதியில் குறுக்காக ஒரு சிலிண்டர் படுத்திருந்தது. மாமாவுக்கு கேஸ் வண்டிமேல் கண். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு பெட்ரோலில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டிஷன் சொன்னதிலிருந்து, துணி வெட்டும்போதுகூட அதையே முணுமுணுத்தார்.

"சிலிண்டர் படுத்திருக்குற இடத்துல என் பாத்திரம் எங்க உக்காரும்?" என்றாள் அத்தை.

"எல்லாம் உக்காரும். நான் அளந்துட்டு வரேன். எல்லா அண்டாவையும் தூக்கிட்டு ஊர்வலமா போக வேணாம்."

மாமா அளந்த விதம் இது. பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்தார். ஒவ்வொரு அண்டாவையும் அதன்மேல் வைத்து, அடியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். கத்தரிக்கோலால் வெட்டினார். காற்சட்டை வெட்டும்போது இருக்கும் அதே பயபக்தி. "இது சோத்து அண்டா, இது குழம்பு, இது காய்" என்று ஒவ்வொன்றின்மேலும் எழுதச் சொன்னார். எழுதினேன். பல்கலைக்கழகம் எனக்குக் கற்றுக்கொடுத்த கையெழுத்து அந்த வட்டங்களில் மிக நன்றாக விழுந்தது.

சமையல் நேரம் என்பதால் அத்தை வரவில்லை. நானும் மாமாவும் காகித வட்டங்களோடு போய் வேனுக்குள் மண்டியிட்டுப் பரப்பினோம். சக்கரங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் தளம் திமில்போல் புடைத்திருந்தது. அந்த இரண்டு திமிலுக்கும் நடுவே இருந்த இடத்தில் வட்டங்கள் சமர்த்தாக உட்கார்ந்தன. சிலிண்டருக்கு முன்னால் கையளவு இடம் மிச்சம்கூட இருந்தது.

"பாத்தியா! தையல்காரன் அளவு தப்பாது" என்று மாமா என் தோளில் தட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. வட்டங்கள் தட்டையானவை என்பது எங்கள் இருவரில் ஒருவருக்குமே உறைக்கவில்லை.

கையெழுத்துப் போடும் நாளன்று கண்டிஷன் கேஸ் வண்டியை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்தார். அத்தை பேனாவைத் தொடவில்லை.

"முதல்ல ஏத்திப் பாத்துருவோம்."

"பேப்பர்ல பாத்தாச்சேம்மா" என்றார் கண்டிஷன்.

"பேப்பர்லயா நான் சமைக்கறேன்?"

வெற்று அண்டாக்களை ஏற்றத் தொடங்கினோம். முதல் அண்டா உள்ளே போனது. இரண்டாவது பாதியிலேயே நின்றது. தள்ளினால் டங்கென்று சத்தம். அடி இருக்கவேண்டிய இடத்துக்கு இன்னும் வெகுதூரம் இருக்க, இரண்டு அண்டாக்களின் வயிறும் முட்டிக்கொண்டு நின்றன. வெளிப்பக்கம் காது திமில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சிலிண்டர்மேல் ஒரு காலை வைத்ததுபோல் சரிந்து நின்றது.

அத்தை அண்டாவைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பார்த்தாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நெஞ்சளவு எடுக்கறீங்க. என் அண்டாவுக்கு மட்டும் பாத அளவு எடுத்திருக்கீங்களே!"

கம்பம் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. மாமா நாடாவை எடுத்து, தெருவே பார்க்க, அண்டாவின் வயிற்றைச் சுற்றி அளந்தார். "கொஞ்சம் குண்டுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

"பாதியை இப்ப கொண்டு போங்க, மீதியைத் திரும்பி வந்து கொண்டு போங்க. கேஸ் செலவுதான் கம்மியாச்சே" என்றார் கண்டிஷன்.

இங்கேதான் நான் வாய் திறந்தேன். வேலை தேடி விண்ணப்பம் எழுதியே நாள் போனதில், மனக்கணக்குக்கு எனக்குச் சந்தர்ப்பமே கிடைக்காமல் இருந்தது. கேஸில் கிலோமீட்டருக்குப் பாதிச் செலவுக்குமேல் ஆகிறது; ஆனால் இரண்டு நடை ஓடினால் கிலோமீட்டர் இரண்டு மடங்கு. ஒரே நடையில் முடிக்கும் பெட்ரோல் வண்டியைவிட அதிகச் செலவு. கேஸ் நிரப்பும் இடம் வேறு ஊர்க்கோடியில், வரிசையில் நின்றால் சமையல் நேரம் போய்விடும். எப்படியும் அச்சகம் ரொம்ப தூரமில்லை, பெட்ரோலில் ஓடினாலும் ஒரு நாளுக்குக் கூடுவது கொஞ்சம்தான். இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ் இரண்டுக்கும் ஒன்றே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடியும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாகவே வந்தது.

"கிலோமீட்டருக்கு என்ன செலவுன்னு கேக்கக் கூடாது மாமா. ஒரு வேளைச் சாப்பாடு போய்ச் சேர என்ன செலவுன்னு கேக்கணும்."

"படிச்ச பொண்ணு" என்றார் கண்டிஷன், அவ்வளவு சந்தோஷமில்லாமல். போய்ப் பெட்ரோல் வண்டியை ஓட்டிவந்தார். சிலிண்டர் இல்லாத தளத்தில் அண்டாக்கள் மூன்றும், நடுவே கரண்டிக் கூடையும், தட்டுப் பெட்டியும் போய் உட்கார்ந்தன. அத்தை ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை. விரல் நுழையும் இடம்கூட மிச்சமில்லை.

"இதுதான் வண்டி" என்று கையெழுத்துப் போட்டாள்.

கண்டிஷன் சாவியை எடுத்தார். "கண்டிஷனா வச்சுக்கங்க. சரி, யார் கிட்ட குடுக்கட்டும்? யாரு ஓட்டப்போறது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். அத்தை எங்கள் இருவரையும் பார்த்தாள்.

தளத்தின் உயரத்தை அளந்திருந்தோம். திமிலுக்கு நடுவே அளந்திருந்தோம். பெட்ரோல், கேஸ், டீசல் என்று வாரக்கணக்கில் வாதாடியிருந்தோம். மாமாவுக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும். அத்தைக்கு அந்த சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது. எனக்குப் பட்டம் இருந்தது, ஓட்டுநர் உரிமம் இல்லை.

"நீங்க... நீங்க ஓட்டுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள் அத்தை மாமாவிடம்.

"நானா? நான் இவ ஓட்டுவான்னு நினைச்சேன். படிச்சிருக்காளே."

"நான் வரலாறு படிச்சேன் மாமா."

"இதோவையே கூப்பிட்டுச் சம்பளத்துக்கு வச்சுக்கலாமா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். எல்லோரும் அவரைப் பார்த்த பார்வையில் அவரே, "வேணாம். சொந்த வண்டியும் லேட்டா வரும்" என்று சொல்லிக்கொண்டார். வெளி ஆளை வைத்தால் சம்பளம். நான் போட்ட கணக்கில் அது எங்கேயும் இல்லை. என் மனக்கணக்கு முழுதும் கண்முன்னால் கரைந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த கம்பம் அக்கா எழுந்து வந்தாள். கண்டிஷனின் கையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"தள்ளுங்க."

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பின்னால் எடுத்து, தெருவின் அகலத்திலேயே திருப்பி, குப்பைத்தொட்டிக்கும் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

அத்தைக்கு வாய் மூடவில்லை. "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாடி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட காய்கறி வண்டிய யாரு ஓட்டுனா? லைசென்ஸ்கூட இப்பதான் புதுப்பிச்சேன்."

"இத்தனை வருஷமா சொல்லவேயில்லையே?"

"நீ கேட்டியா? உப்பு போதுமா, உப்பு போதுமான்னுதான் கேட்ட."

"சரி, அண்டாவ யாரு தூக்கறது?"

"அத நீயும் உன் மருமகளும் தூக்குங்க. ரெண்டு பேரும் ஒரே உயரம், எந்தப் பக்கமும் சாயாது. நான் உக்காந்துக்கறேன்."

நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். உண்மைதான். அத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. நான் அவளைவிட உயரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பம் அக்கா இறங்கப் பார்த்தாள். இறங்க முடியவில்லை. முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் மேலே வந்து, வெட்டுக்கிளி மடங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தாள். கண்டிஷன் சீட்டைப் பின்னால் தள்ள முயன்றார். சீட் கம்பித் தடுப்பில் இடித்து நின்றது.

"தடுப்பப் பின்னால நகத்தணும். வெல்டிங் பண்ணி ஒரு சாண் தள்ளி வைக்கலாம். ஆனா உள்ளே ஒரு சாண் போயிடும்மா" என்றார்.

ஒரு சாண் போனால் மூன்றாவது அண்டா போகாது. அத்தை போய் வண்டியின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். விரல் நுழையாமல் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். கம்பம் அக்கா சீட்டில் மடங்கியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"வேணாம் அக்கா. இப்படியே சமாளிச்சுக்கறேன். இல்லேன்னா மருந்துக் கடைதான் இருக்கே. அங்க நாற்காலிக்குப் பின்னால தடுப்பு இல்ல."

"சும்மா இரு" என்றாள் அத்தை. கண்டிஷனிடம் திரும்பினாள். "ஒரு சாண் போதுமா? இவ காலுக்கு ஒண்ணரை சாண் வேணும். ஒண்ணரை தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"அம்மா, அப்ப அந்தப் பெரிய அண்டா..."

"அது குண்டா இருக்குன்னு இப்பதான் அளந்து சொல்லிட்டாங்களே. ஒல்லியா, உசரமா ஒண்ணு வாங்கிக்கறேன்." அவள் சொன்னதும், அந்தப் பெரிய அண்டாவை நானும் அவளும் பிடித்துக் கீழே இறக்கினோம். நேராக இறங்கியது.

மாமா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனார். "கொஞ்சம் காலை நீட்டும்மா. இந்தத் தடவை சரியா எடுத்துடறேன்."

"முழங்காலுக்கு எடுங்க, பாதத்துக்கு எடுத்துடாதீங்க" என்றாள் கம்பம் அக்கா. பிறகு ஜன்னல்வழியே தலையை நீட்டி அத்தையைக் கூப்பிட்டாள்: "அக்கா, கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போயிட்டு வரட்டுமா? மருந்துக் கடைக்காரருக்கு ஒரு பதில் சொல்லணும்."

"மணி என்ன ஆச்சு பாத்தியா? அடுப்புல யாரு நிப்பா? போனமா, சொன்னமா, வந்தமான்னு வா."

"இதோ வந்துட்டேன்" என்றாள் கம்பம் அக்கா. அத்தை முறைத்த முறைப்பில், ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு போனாள்.